அதிரசம் கருகுகிறதா, கல்லாகிறதா? எண்ணெய்ச் சூட்டில் பிழை தேடும் வழி

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், தேவிபட்டினத்திலிருந்து தங்கை மகள் போனில் கூப்பிட்டாள்.

"பெரியம்மா, ஆறு போட்டேன், ஆறும் கருகிருச்சு. பிச்சுப் பார்த்தா நடுவுல மாவு அப்படியே இருக்கு. மாவு கெட்டுப்போச்சா?"

தீபாவளிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஒரு கிலோ பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் ஈரம் போக உலர்த்தி, இடித்துச் சலித்து, 400 கிராம் கருப்பட்டியும் 350 கிராம் வெல்லமும் சேர்த்துப் பாகு காய்ச்சி, கிளறி, இரண்டு நாள் மூடி வைத்திருந்த மாவு அது. அதைத் தூக்கிப்போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மூன்று கேள்வி கேட்டேன்.

"இலையில தட்டும்போது ஓரம் வெடிக்குதா?"

"இல்ல பெரியம்மா, வழுவழுன்னு வருது."

"எண்ணெயில போட்டா பிரிஞ்சு போகுதா?"

"இல்ல, வட்டமாத்தான் இருக்கு."

"போட்டு எவ்வளவு நேரத்துல மேல வருது?"

"எங்க பெரியம்மா, போட்ட உடனே மிதக்குது."

மூன்றாவது பதிலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. மாவில் குறை இல்லை, எண்ணெய்தான் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது. அதிரசம் கெட்டால் எல்லாரும் முதலில் பாகின் மேல்தான் பழி போடுகிறார்கள். பாகு தப்பினால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் நான் பார்த்தவரையில், நல்ல மாவை எண்ணெயில் கெடுத்தவர்கள்தான் அதிகம்.

எண்ணெய்க்குள் நடப்பது

ஒவ்வொரு குறையாகப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். அதிரச மாவின் எடையில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு இனிப்பு. வடை மாவில் அது கிடையாது. அதனால் வடையைப் பொரிக்கிற 180 டிகிரிச் சூட்டில் அதிரசத்தைப் போட்டால், வெளித்தோலில் இருக்கிற வெல்லம் நொடியில் நிறம் மாறிக் கருக ஆரம்பித்துவிடும். உள்ளே இருப்பதோ ஈர மாவு. ஈரம் இருக்கும்வரை நடுப்பகுதி தண்ணீர் கொதிக்கிற சூட்டைத் தாண்டி அதிகம் ஏறாது. அரிசி மாவு வேக அந்தச் சூடே போதும். ஆனால் வெளிச் சூடு நடு வரை போய்ச் சேர நேரம் வேண்டும். எண்ணெய் 150 டிகிரிப் பக்கம் இருந்தால் இரண்டரை, மூன்று நிமிடம் கிடைக்கிறது. 180 இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் வெளியே கருப்பு.

நம் கரையோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே பலர் அதிரசத்துக்குக் கருப்பட்டி சேர்க்கிறோம். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கொட்டானோடு வீட்டுக்கு வந்துவிட்டால் தனி வெல்லத்தில் அதிரசம் சுட யாருக்குத் தோன்றும்? ஆனால் கருப்பட்டி போட்ட மாவு பச்சையாக இருக்கும்போதே பழுப்பு. "பொன்னிறமாக வந்ததும் எடுக்கவும்" என்று எழுதியிருக்கிறார்களே, அது வெல்ல அதிரசத்துக்குச் சொன்னது. கருப்பட்டி அதிரசம் பொன்னிறமாக வரவே வராது. நிறத்தை நம்பி எடுத்தால் ஒன்று பச்சையாக இருக்கும், அல்லது கருகியிருக்கும்.

அப்பத்தா நிறத்தைப் பார்க்கவே மாட்டார். அவருக்குக் கடைசிக் காலத்தில் கண் சரியாகத் தெரியாது, ஆனாலும் அடுப்பை விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டே எடுப்பார். அவர் கேட்டது குமிழியின் சத்தத்தை. மாவிலிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே வருவதுதான் குமிழி. முதலில் பெரிது பெரிதாக, சடசடவென்று. உள்ளே ஈரம் குறையக் குறைய குமிழி சிறுத்து, சத்தம் இறங்கி, சிலுசிலுவென்று ஆகும். குமிழி சிறுத்து, ஆனால் நிற்காமல் இருக்கிற அந்த இடத்தில் எடுக்க வேண்டும். நின்றுவிட்டால் உள்ளே ஈரம் தீர்ந்தது, அதிரசம் கல்.

குறை: வெளியே கருப்பு, உள்ளே பச்சை மாவு

முதலில் ஒரு சோதனை. மாவில் சுண்டைக்காய் அளவு கிள்ளி எண்ணெயில் போடுங்கள். அது அடியில் போய், இரண்டு மூன்று எண்ணும் நேரம் அங்கேயே இருந்து, சிறு குமிழிகளோடு மெதுவாக மேலே வந்தால் சூடு சரி. போட்ட மாத்திரத்தில் சீறிக்கொண்டு மிதந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருத்தால் சூடு அதிகம். அடியிலேயே படுத்துவிட்டால் இன்னும் காயவில்லை. தட்டிய முழு அதிரசம் இதைவிடச் சற்று மெதுவாக வரும், நாலைந்து எண்ணலாம்.

தங்கை மகள் என்ன செய்திருந்தாள் என்று விசாரித்தேன். வீட்டுக்கு வந்தவர்களுக்கு உளுந்துவடை சுட்டிருக்கிறாள். அந்தச் சட்டியிலேயே, அந்த எண்ணெயிலேயே, "தீயைக் குறைச்சுட்டுத்தான் பெரியம்மா போட்டேன்" என்கிறாள். குறைத்தது உண்மைதான். ஆனால் கனமான இரும்புச் சட்டியும் ஒரு லிட்டர் எண்ணெயும் வடைச் சூட்டில் இருக்கும்போது, தீயைக் குறைத்த உடனே சூடு இறங்கிவிடாது. அடுப்பில் சிறு தீ எரிந்துகொண்டே இருந்தால் பத்து நிமிடம் ஆனாலும் பெரிதாக இறங்காது. தீதான் கண்ணுக்குத் தெரிகிறது, எண்ணெயின் சூடு தெரிவதில்லை. ஏமாறுகிற இடம் அது.

இதற்கு இரண்டு வழி. அடுப்பை முழுதாக அணைத்துவிட்டு ஐந்தாறு நிமிடம் காத்திருந்து, மறுபடி கிள்ளிப் போட்டுப் பார்க்கலாம். பொறுமை இல்லாதவர்களுக்கு அடுத்த வழி: பச்சை எண்ணெய் சேர்ப்பது. சட்டியில் ஒரு லிட்டர் 180 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைச் சூட்டில், அதாவது 30 டிகிரியில் இருக்கும் எண்ணெய் கால் லிட்டர் சேர்த்தால் கலவை 150க்கு வந்து நிற்கும். சட்டியின் இரும்பில் இருக்கிற சூடு அதைக் கொஞ்சம் ஏற்றும், பரவாயில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியின் ஓரமாக மெதுவாக ஊற்ற வேண்டும். ஊற்றுகிற பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக்கூடாது, இருந்தால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும்.

அவளிடம் கால் லிட்டர் கடலை எண்ணெய் இருந்தது, ஊற்றச் சொன்னேன். அப்புறம் சட்டியைச் சின்ன பர்னருக்கு மாற்றச் சொன்னேன். "மாத்தியாச்சு, ஆனா தீ ஒருபக்கமாச் சாயுது" என்றாள். கடலைப் பார்த்த வீடு, கிழக்கு ஜன்னல் திறந்திருக்கிறது. கொண்டல் காற்று உள்ளே வந்தால் சிறு தீ நிலையாக நிற்காது. தீ அணையப் போகிறதே என்று கூட்டுவோம், காற்று நின்றதும் எண்ணெய் குப்பென்று காயும். ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். உள்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

சூடு சரியாக இருந்தும் உள்ளே வேகவில்லை என்றால் தடிமனைப் பாருங்கள். எலுமிச்சை அளவு உருண்டை, எண்ணெய் தடவிய வாழையிலையில் உள்ளங்கை அகலத்துக்கு வர வேண்டும். தடிமன் சுண்டு விரலில் பாதிக்கு மேல் போகக்கூடாது. நடுவில் மேடாகவும் ஓரம் மெலிந்தும் தட்டினால் ஓரம் கருகும்போது நடு பச்சையாக இருக்கும். விரல் நுனியால் நடுவிலிருந்து வெளியே தள்ளித் தட்டுங்கள். இரண்டு நாள் மூடி வைத்த மாவு இறுகி மேடாக நிற்க ஆசைப்படும், அதைக் கையில் வைத்து ஒரு தடவை நன்றாகப் பிசைந்துவிட்டு உருட்டினால் இளகும்.

இன்னொன்று, எண்ணெய் ஆழம். சிக்கனம் பார்த்து ஒரு விரற்கடை எண்ணெயில் போட்டால் அதிரசம் முதலில் போய் உட்காருவது சட்டியின் அடியில். எண்ணெய் 150 இருந்தாலும் தீ நேராகப் படுகிற இரும்பு அதைவிடக் கூடுதலாகச் சுடும். அடிப்பக்கத்தில் மட்டும் வட்டமாகக் கருப்பு விழுந்திருந்தால் இதுதான் காரணம். மூன்று விரற்கடை ஆழமாவது இருக்கட்டும்.

ஏழாவது அதிரசம் அடியில் போய், அவள் நாலு எண்ணும்போது மேலே வந்தது. "இப்ப திருப்பவா?" என்றாள். மேலே வந்ததும் கரண்டியால் சுற்றி எண்ணெயை அள்ளி முதுகில் விட்டு, ஓரம் பிடித்து உறுதியானதும் ஒரே தடவை திருப்பச் சொன்னேன். அடிக்கடி புரட்டினால் மெத்தென்று இருக்கிற தோல் கிழியும். நல்ல நிறத்தில் வந்தது. பிய்த்துப் பார்த்துவிட்டு, வெந்திருக்கிறது என்றாள். போனை வைத்துவிட்டேன்.

குறை: மறுநாள் கல்லாகிப் போனது

மறுநாள் காலையில் மறுபடி போன். "பெரியம்மா, ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப கடிக்க முடியல."

முந்தைய நாள் எத்தனை நேரம் வைத்தாய் என்று கேட்டதற்கு, "பச்சையா இருந்துடக் கூடாதேன்னு, கரண்டியால தட்டிப் பார்த்து, கெட்டியானதும் எடுத்தேன்" என்றாள். பச்சை மாவைப் பார்த்துப் பயந்தவர்கள் எல்லாரும் அடுத்துச் செய்கிற தப்பு இது.

எண்ணெயில் இருக்கும்போது அதிரசம் கெட்டியாக இருக்கவே கூடாது. அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் வெல்லம் பாகாகத்தான் இருக்கும், அதனால் வெந்த அதிரசமும் தூக்கினால் வளையும். அது வேகவில்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆறும்போது பாகு இறுகி அதிரசமும் தானாகவே உறுதிப்படும். எண்ணெயிலேயே உறுதியாகும் வரை வைத்தால், அதற்குள் ஈரம் முழுதும் போய்விட்டது என்று அர்த்தம். ஆறியபின் அதை உடைக்க உலக்கைதான் வேண்டும்.

எடுக்கும் நேரத்தை இப்படிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். மேலே மிதந்தபின் முதல் பக்கம் ஒன்றேகால் நிமிடம், திருப்பியபின் ஒரு நிமிடம். ஆனால் கடிகாரத்தை விடக் குமிழியை நம்புங்கள். திருப்பிய உடனே குமிழி மறுபடி பெரிதாகும், பின் சிறுத்துவரும். ஓரத்தில் மட்டும் மணல் போலச் சிறு குமிழி ஓடும்போது எடுத்துவிட வேண்டும். சந்தேகமாக இருந்தால் முதலாவதை எடுத்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, அப்புறம் பிய்த்துப் பாருங்கள். சுடச்சுடப் பிய்த்தால் வெந்ததும் பிசுபிசுவென்று பச்சை போலத்தான் தெரியும். பச்சை மாவுக்கும் வெந்த பிசுபிசுப்புக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் நாக்கில் வையுங்கள். பச்சையாக இருந்தால் அரிசி நறநறவென்று படும்.

கல்லாவதற்கு மெல்லிய சூடும் ஒரு காரணம் ஆகலாம் என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். "சின்னத் தீயில வச்சா நல்லா வேகும்" என்று 120, 130 டிகிரியில் போட்டுவிட்டு ஆறேழு நிமிடம் காத்திருப்பார்கள். நிறம் மாறாது, அதனால் எடுக்கவும் மாட்டார்கள். அந்த ஆறேழு நிமிடமும் ஈரம் போய்க்கொண்டேதான் இருக்கிறது. வெளிறிய நிறத்தோடு கல்லாக இருக்கிற அதிரசத்தைப் பார்த்தால், இது தீயைப் பார்த்துப் பயந்தவர் சுட்டது என்று சொல்லிவிடலாம். மெல்லிய சூடு என்பதற்கும் ஓர் அடிமட்டம் உண்டு. கிள்ளிப் போட்டது மேலே வரவே யோசிக்கிற சூடு, அதிரசத்துக்கு ஆகாது.

எடுத்தபின் அழுத்துவதிலும் கவனம் வேண்டும். இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயைப் பிழிகிறோமே, அப்போது எண்ணெய் மட்டும் வழிய வேண்டும். பலத்தைக் காட்டினால் உள்ளே இருக்கிற சின்னச் சின்ன காற்றறைகள் எல்லாம் நசுங்கி, ஆறியபின் தகடாக இறுகும். ஒரு தடவை, மெல்ல, சுடச்சுட. ஆறியபின் அழுத்தினால் எண்ணெயும் வராது, அதிரசமும் விரிசல் விடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் கல்லாகிறது என்றால் அப்போதுதான் பாகைச் சந்தேகிக்க வேண்டும். தட்டும்போதே ஓரம் வெடித்துக்கொண்டு வந்தால் பாகு முற்றிவிட்டது. தண்ணீரில் விட்ட பாகு விரலுக்கு உருண்டு வந்து, அழுத்தினால் தளதளவென்று நசுங்க வேண்டும். தட்டில் போட்டால் டங்கென்று ஒலிக்கிற பதம் கடலை உருண்டைக்கு, அதிரசத்துக்கு அல்ல. கடையில் வாங்கிய காய்ந்த அரிசி மாவும் இதே வேலையைச் செய்யும், பாகில் இருக்கிற ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும். அரைக் கிலோ மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் தெளித்து, ஒரு கரண்டி நெய் விட்டுப் பிசைந்து, ஒரு மணி நேரம் மூடி வைத்துப் பாருங்கள். பாதி குணமாகும். பால் விட்டாலும் இளகும், ஆனால் அந்த அதிரசத்தை இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும்.

தங்கை மகளின் மாவில் வெடிப்பு இல்லை. அதனால் மிச்சம் இருந்த மாவை அவள் வளையும்போதே எடுத்தாள், அவ்வளவுதான் மாற்றம். அந்த நாற்பது சொச்சம் அதிரசத்தில் கடைசி இருபதும் ஒரு வாரம் மெத்தென்று இருந்தன.

குறை: முதல் பத்து நல்லாயிருந்தது, அப்புறம் வந்ததெல்லாம் கருப்பு

இது விறகடுப்பில் அதிகம் வரும். நம் ஊரில் சீமைக்கருவேல விறகுக்குப் பஞ்சமில்லை, பனைமட்டையும் கிடைக்கும். இரண்டும் அடுப்பில் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. பனைமட்டை குப்பென்று பிடித்து, எண்ணெயைச் சட்டென்று ஏற்றிவிட்டு, அணைந்துவிடும். அதை வைத்து அதிரசம் சுட்டால் ஒன்று கருப்பு, அடுத்தது எண்ணெய் குடித்தது என்று மாறி மாறி வரும். கருவேல விறகை முன்கூட்டியே எரியவிட்டு, கங்கு நிறைந்ததும் எரிகிற கட்டையை வெளியே இழுத்துவிட்டு, கங்கின் மேல் சட்டியை வைத்தால் சூடு நெடுநேரம் சீராக நிற்கும். கொஞ்சம் இறங்கினால் ஒரு கட்டையை உள்ளே தள்ளி, ஏறினால் கங்கை ஓரமாக வாரி வைத்துச் சமாளிக்கலாம்.

கேஸ் அடுப்பில் இந்தக் குறை வந்தால் வேறு காரணம். முதலில் போடும்போது ஒவ்வோர் அதிரசமும் எண்ணெயைக் கொஞ்சம் குளிர வைக்கிறது. இரண்டு ஆட்கள் இருந்து ஒருவர் தட்ட, ஒருவர் பொரிக்க, இடைவெளி இல்லாமல் போடும்வரை சூடு சமமாக இருக்கும். தட்டுகிறவர் போனை எடுக்கப் போய்விட்டால் சட்டி சும்மா காய்கிறது. அப்படி இடைவெளி விழுந்தால் அடுப்பை அணைத்துவிடுங்கள், குறைத்து வைப்பது போதாது. திரும்பத் தொடங்கும்போது கிள்ளிப் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.

எண்ணெயின் நிறமும் மாறிக்கொண்டே வரும். உதிர்ந்த மாவுத் துணுக்கும் கசிந்த வெல்லமும் அடியில் கருகி, அடுத்துப் போடுகிற அதிரசத்தில் கருப்புப் புள்ளியாக ஒட்டும், கசக்கவும் செய்யும். சூடு சரியாக இருந்தும் புள்ளி புள்ளியாகக் கருத்தால் இதுதான். பத்துக்கு ஒரு தடவை கண்ணரிகரண்டியை அடியில் விட்டு வாரி எடுங்கள். கருப்பட்டியைக் கரைத்த தண்ணீரை வடிகட்டாமல் பாகு காய்ச்சினாலும் இப்படி அழுக்கு சேரும். பதநீர்ப் பானையில் தடவுகிற சுண்ணாம்பும் மணலும் கருப்பட்டியில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், மெல்லிய துணியில் வடிகட்டிவிடுவது நல்லது.

கருப்பட்டியின் வயதையும் கவனிக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் காய்ச்சியது ஐப்பசிக்கு வரும்போது ஆறு மாதம் தாண்டியிருக்கும். கடல் காற்றில் திறந்து வைத்திருந்தால் மேலே கசிந்து பிசுபிசுக்கும், லேசாகப் புளிப்பு வாடையும் வரும். அப்படிப் புளித்துக் கசிந்த கருப்பட்டியில் உள்ள இனிப்பு சீக்கிரம் கருகிற தன்மைக்கு மாறியிருக்கிறது. அதையேதான் பயன்படுத்த வேண்டும் என்றால் அளவில் பாதிக்கு மேல் வெல்லம் சேர்த்து, எண்ணெயை வழக்கத்தைவிட ஒரு படி மெதுவாக வையுங்கள். நானாக இருந்தால் அந்தக் கருப்பட்டியைக் காப்பிக்கு வைத்துக்கொள்வேன். கீழக்கரைப் பக்கம் தொதல் என்கிற இனிப்பைக் கிண்டுகிறவர்களுக்குக் கருப்புதான் அழகு, அவர்களுக்குக் கொடுத்தாலும் வீணாகாது.

குறை: எண்ணெயில் போட்டதும் பிரிந்து போகிறது

இதில் சூடா, பாகா என்று பிரித்தறிவது கொஞ்சம் தந்திரமானது, ஏனென்றால் இரண்டுமே ஒரே மாதிரிதான் தெரியும். எண்ணெய் முழுக்க நுரை, அதிரசம் ஓரத்திலிருந்து கரைந்து சல்லடையாகிறது.

எண்ணெய் காயாமல் இருந்தால் வெளித்தோல் பிடிப்பதற்குள் வெல்லம் இளகி மாவை விட்டுப் போய்விடும். பாகு இளசாக இருந்தாலும் இதே கதிதான். அதனால் அதே மாவில் இன்னொன்றைத் தட்டி, தீயைச் சற்றுக் கூட்டி, கிள்ளிப் போட்டது இரண்டு எண்ணுவதற்குள் மேலே வருகிற சூட்டில் போடுங்கள். வட்டம் கலையாமல் நின்றால் மாவில் குறை இல்லை, சூடுதான் போதவில்லை. அதிலும் கலைந்தால் பாகு இளசு. எண்ணெயை மேலும் காய்ச்சிப் பார்க்க வேண்டாம். அது கலையவும் செய்யும், கருகவும் செய்யும்.

சில வருஷத்துக்கு முன்னால் எனக்கே இப்படி ஆனது. முழுக்கக் கருப்பட்டியில் செய்தேன், அடைமழை நாள், கருப்பட்டி ஏற்கெனவே கசிந்திருந்தது. அளந்து ஊற்றிய தண்ணீர் போக அதிலேயே தண்ணீர் இருந்திருக்கிறது. அரிசியும் மழையில் சரியாக உலரவில்லை. கையில் பிடித்தால் ஒட்டும் அளவுக்கு ஈரம். நிழலில் உலர்த்திய அரிசி கையில் ஈரமாகப் பட வேண்டும், ஆனால் கையில் ஒட்டக்கூடாது என்பது கணக்கு. நான் அவசரத்தில் அதை மீறினேன். முதல் மூன்றும் எண்ணெயில் கஞ்சியாகப் போயின. மிச்ச மாவுக்கு, அரைக் கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் சலித்த அரிசி மாவு தூவிப் பிசைந்து, முக்கால் மணி நேரம் மூடி வைத்தேன். பிசைந்த உடனே போட்டுப் பார்த்தால் பலன் தெரியாது, தூவிய மாவு ஈரத்தை இழுக்க நேரம் வேண்டும். அப்புறம் போட்டது வட்டமாக வந்தது. நடுவில் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தது உண்மை, ஆனால் யாரும் மிச்சம் வைக்கவில்லை. இப்படி மாவு தூவியும் சரியாகவில்லை என்றால் இன்னும் தூவிக்கொண்டே போகாதீர்கள், அது அதிரசம் ஆகாது. தேங்காய்ப்பூ சேர்த்துக் குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றிவிடலாம்.

குறை: எண்ணெய் குடித்திருக்கிறது

அழுத்தியும் எண்ணெய் வழிந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் சூடு குறைவு, அல்லது ஒரே நேரத்தில் மூன்று நான்கு போட்டு எண்ணெயைக் குளிர வைத்தது. ஒரு லிட்டர் எண்ணெயில் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. எடுத்து அழுத்தியதைப் படுக்கப் போடாமல், சல்லடைத் தட்டில் நிறுத்தி வையுங்கள். முழுதாக ஆறாமல் டப்பாவில் மூடினால் ஆவி உள்ளே இறங்கி, நல்ல அதிரசமும் சொதசொதவென்று ஆகிவிடும். நம் கடற்கரை ஈரக்காற்றில் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும்.

கெட்டுப்போனதை என்ன செய்வது

வெளியே கருத்து உள்ளே பச்சையாக இருப்பதை மறுபடி எண்ணெயில் போடாதீர்கள். வெளியே இருக்கிற கருப்பு இன்னும் கூடும், கசப்பும் ஏறும். லேசாகக் கருத்தது என்றால் இட்லிச் சட்டியில் தட்டு வைத்து எட்டு நிமிடம் ஆவியில் வைக்கலாம், நடு வெந்துவிடும். அடுப்புக்கரி நிறத்தில் கசப்பது எதனாலும் மீளாது.

கல்லானதற்கும் ஆவிதான். ஐந்து நிமிடம் போதும், இளகி வரும். ஆனால் அப்படி ஆவி கண்டதை அன்றைக்கே தின்றுவிட வேண்டும், ஆறினால் முன்னைவிட இறுகும், வைத்திருந்தால் கெடும். தங்கை மகள் முதலில் சுட்ட ஆறில் இரண்டைக் கோழிக்குப் போட்டாள். நாலை ஆவியில் வைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி, கிண்ணத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். மறுநாள் அவர்கள் நல்ல அதிரசத்தைத் தொடாமல், "நேத்துக் குடுத்தியே, அது வேணும்" என்று கேட்டார்களாம். அதற்கு என்ன வழி என்று கேட்கத்தான் மூன்றாவது தடவை போன் செய்தாள்.